போன் காரோடு சேர்கிறது, பாட்டும் வருகிறது. பெயர்கள் வரவில்லை, அழைப்பு போனிலேயே பேசுகிறது

செல்வா_கோபி

வணக்கம் நண்பர்களே. வீட்டில் 2018 மாடல் ஹேட்ச்பேக் ஒன்று இருக்கிறது, கைமாறி வந்த வண்டி. கம்பெனியே பொருத்திய டச் ஸ்கிரீன் ஸ்டீரியோ. என் போன் ஆண்ட்ராய்டு, இரண்டு சிம். புளூடூத்தில் ஸ்டீரியோவின் பெயரைத் தொட்டதும் சேர்ந்துவிடுகிறது. பாட்டு காரில் நன்றாக வருகிறது, பாட்டின் பெயர்கூட திரையில் ஓடுகிறது.

பிரச்சினை இரண்டு. கார் திரையில் Phonebook தொட்டால் காலியாக இருக்கிறது. அப்புறம், அழைப்பு வந்தால் பாட்டு தானாக நிற்கிறது, ஆனால் மணி போனில்தான் அடிக்கிறது. எடுத்தால் குரலும் போனில்தான். கார் திரையில் அழைப்பு வந்ததாகவே காட்டவில்லை. போனையும் காரையும் பேர் செய்ததை நீக்கிவிட்டு மறுபடி செய்தும் அதேதான்.

சர்வீஸில் காட்டினேன். ஸ்டீரியோவுக்குள் போர்டு போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். ஆனால் இதே வண்டியில் மனைவியின் போனுக்கு எல்லாம் சரியாக வேலை செய்கிறது, பெயர் உட்பட. அதனால்தான் நம்ப முடியவில்லை. செலவு செய்வதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

ரமேஷ்_சேலம்

எனக்கும் இதே தொல்லை இருந்தது. செட்டிங்ஸில் Build number என்பதை ஏழு முறை தட்டினால் Developer options திறக்கும். அதற்குள் Bluetooth AVRCP Version என்று இருக்கும், அதை 1.4 என்று மாற்றுங்கள். பிறகு Reset network settings கொடுத்துவிட்டு மறுபடி பேர் செய்யுங்கள். எனக்கு எல்லாப் பெயரும் வந்துவிட்டது.

மெய்யப்பன்_ஆடியோ

செல்வா தம்பி, போர்டு போகவில்லை. உங்கள் மனைவியின் போன் வேலை செய்கிறது என்ற ஒரு வரியே அதற்குச் சாட்சி. எந்தப் பணமும் கொடுக்காதீர்கள்.

நான் மதுரையில் கார் ஆடியோ பொருத்தும் வேலை செய்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது இதே புகாரோடு வருவார். நாம் "புளூடூத் கனெக்ட் ஆகிவிட்டது" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் போனுக்கும் காருக்கும் நடுவில் தனித்தனியாகப் பல வேலைகள் நடக்கின்றன. பாட்டு போவது ஒரு வழி. அழைப்பின் குரல் போய் வருவது இன்னொரு வழி. பெயர்ப்பட்டியல் போவது மூன்றாவது வழி. இவற்றில் ஒன்று திறந்திருந்து மற்றது மூடியிருக்கலாம். எது வருகிறது, எது வரவில்லை என்று பார்த்தாலே எந்த வழி அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். உங்களுக்குப் பாட்டு வழி திறந்திருக்கிறது, மற்ற இரண்டும் மூடியிருக்கின்றன. அந்த இரண்டும் ஒரே காரணத்தால் மூடியிருக்க வேண்டும் என்பதில்லை, அதனால் தனித்தனியாகப் பார்ப்போம்.

பாட்டு தானாக நிற்கிறது என்றீர்களே, அதை வைத்து அழைப்பு வந்தது காருக்குத் தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாட்டை நிறுத்துவது உங்கள் போன். அழைப்பு வழி சேராமலே இருந்தாலும் பாட்டு நிற்கத்தான் செய்யும்.

ரமேஷ் சொன்ன AVRCP பாட்டின் பெயரைக் காட்டுவதற்கும், ஸ்டீயரிங் பட்டனில் அடுத்த பாட்டுக்குத் தாவுவதற்கும் உள்ளது. பெயர்ப்பட்டியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்களுக்குப் பாட்டின் பெயர் ஏற்கெனவே ஓடுகிறது, அதைத் தொடவே வேண்டாம்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். போனில் புளூடூத் பட்டியலில் கார் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் Phone calls, Media audio, Contacts and call history என்கிற மாதிரி சுவிட்சுகள் வரும். போனுக்குப் போன் சொற்கள் கொஞ்சம் மாறும். எவை ஆனில் இருக்கின்றன? இரண்டாவது, கார் திரையில் பேர் செய்த போன்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ரிசீவர் படம் ஒன்றும் இசைக்குறி ஒன்றும் இருக்கும். எந்தப் பெயருக்கு எந்தப் படம் ஒளிர்கிறது?

ரமேஷ்_சேலம்

அண்ணா, ஆனால் எனக்கு அதைச் செய்த பிறகுதான் வந்தது. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

மெய்யப்பன்_ஆடியோ

வந்தது உண்மைதான் ரமேஷ். ஆனால் வேலை செய்தது உங்கள் இரண்டாவது படி. நெட்வொர்க் ரீசெட் கொடுத்தால் பேர் செய்தவை எல்லாம் அழிந்துவிடும். மறுபடி பேர் செய்யும்போது போன் ஒரு சின்னப் பெட்டி காட்டும், அதில் Pair என்ற பட்டனுக்கு மேலே தொடர்புகளையும் அழைப்பு வரலாற்றையும் பார்க்க அனுமதிக்கவா என்று ஒரு டிக் கட்டம் இருக்கும். நிறைய போன்களில் அந்தக் கட்டம் டிக் இல்லாமல்தான் வரும். அவசரத்தில் Pair மட்டும் தட்டினால் கார் சேர்ந்துவிடும், பெயர் போகாது. இரண்டாம் முறை நீங்கள் டிக் போட்டிருப்பீர்கள், அதுதான் பலன் தந்தது. அந்த ரீசெட் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு முதற்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பதால் நான் அதைக் கடைசியில்கூடச் சொல்வதில்லை. கார் பெயரை மட்டும் போனிலிருந்தும், போன் பெயரைக் காரிலிருந்தும் நீக்கினால் போதும். இரண்டு பக்கமும் நீக்க வேண்டும் என்பது முக்கியம்.

தாமரை_திருச்சி

எனக்கும் தவறான ஸ்பீக்கரில்தான் அழைப்பு வருகிறது. பாட்டு நான்கு ஸ்பீக்கரிலும் வருகிறது. ஆனால் யாராவது அழைத்தால் டிரைவர் பக்கத்துக் கதவு ஸ்பீக்கரில் மட்டும் குரல் வருகிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குக் கேட்பதே இல்லை. வயரிங்கில் கோளாறா?

மெய்யப்பன்_ஆடியோ

இல்லைம்மா, உங்களுடையது வேறு விஷயம். வண்டியே அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அழைப்பின் குரல் ஸ்டீரியோ இல்லை, ஒற்றைத் தடம். நான்கு பக்கமும் சத்தமாகக் குரல் வந்தால் அது மைக்குக்குள் திரும்பப் போய், எதிர்முனையில் பேசுபவருக்கு அவர் குரலே எதிரொலிக்கும். அதனால் நிறைய வண்டிகளில் முன்பக்க ஸ்பீக்கருக்கு மட்டும், சிலவற்றில் டிரைவர் பக்கத்துக்கு மட்டும் குரலை அனுப்புகிறார்கள். அம்மாவுக்குக் கேட்க வேண்டுமென்றால் அழைப்பு நடக்கும்போதே ஒலியைக் கூட்டிப் பாருங்கள். பாட்டின் ஒலியளவும் அழைப்பின் ஒலியளவும் தனித்தனியாகச் சேமிக்கப்படும். பாட்டு ஓடும்போது கூட்டினால் அழைப்பின் ஒலி அதிகமாகாது.

இதே காரணத்தால் வரும் இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியில் வாங்கிய ஸ்டீரியோவை ஆம்ப்ளிஃபயரோடு பொருத்தியவர்கள் சிலர், அழைப்பு வந்தால் காரில் சத்தமே இல்லை, திரையில் மட்டும் பேசும் நேரம் ஓடுகிறது என்று வருவார்கள். திறந்து பார்த்தால் பின்பக்க வெளியீட்டை மட்டும் ஆம்ப்ளிஃபயரில் இணைத்திருப்பார்கள், முன்பக்க வயர் சும்மா தொங்கும். பாட்டு பின்பக்கத்தில் வந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. திரையில் நேரம் ஓடி, காரிலும் சத்தம் இல்லை, போனிலும் இல்லை என்றால் முதலில் முன் ஸ்பீக்கரைப் பாருங்கள். போனில் குரல் வருகிறது என்றால் அது வயர் விஷயமே இல்லை.

செல்வா_கோபி

அண்ணா, பார்த்துவிட்டேன். போனில் Media audio ஆன். Contacts and call history ஆஃப். Phone calls ஆஃபில் இருக்கிறது, ஆன் செய்தால் ஓரிரு நொடியில் தானாக ஆஃபுக்குத் திரும்பிவிடுகிறது.

கார் பட்டியலில் என் போனுக்கு இசைக்குறி மட்டும் ஒளிர்கிறது. ரிசீவர் படம் மனைவியின் போனுக்கு எதிரே ஒளிர்கிறது. ஆனால் அவர் வண்டியில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறார்.

இன்னொன்றும் கவனித்தேன். சில நாள் நான் தனியாக அலுவலகத்திலிருந்து திரும்பும்போது அழைப்பு காரிலேயே வந்திருக்கிறது, பெயர் இல்லாமல் வெறும் எண்ணாக. வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் எப்போதும் போனுக்குப் போய்விடுகிறது.

மெய்யப்பன்_ஆடியோ

விடை கிடைத்துவிட்டது தம்பி. வண்டியை வீட்டு போர்ட்டிகோவில்தானே நிறுத்துகிறீர்கள்? சாவியைத் திருப்பியதும் ஸ்டீரியோ தனக்குத் தெரிந்த போன்களை வரிசையாகத் தேடும். சுவருக்கு அந்தப் பக்கம் அறையில் இருக்கும் அவருடைய போன் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அது முதலில் சேர்ந்து அழைப்புக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் ஸ்டீரியோ மாதிரி நிறைய செட்களில் அழைப்புக்கு ஒரு போனுக்குத்தான் இடம். பாட்டுக்கு வேறு போனைச் சேர்க்க விடும். அதனால் நீங்கள் உங்கள் போனில் தொட்டதும் பாட்டு வழி மட்டும் கிடைக்கிறது. Phone calls சுவிட்ச் திரும்பத் திரும்ப ஆஃப் ஆவது அதனால்தான், இடம் இல்லை என்று கார் மறுக்கிறது.

தெருமுனை தாண்டியதும் அவருடைய போன் விட்டுப்போகும், இடம் காலியாகும். ஆனால் உங்கள் போன் ஏற்கெனவே சேர்ந்துதானே இருக்கிறது என்று ஸ்டீரியோ மறுபடி முயற்சி செய்யாது. நாள் முழுக்க அப்படியே ஓடும். அலுவலகத்தில் போட்டி இல்லாததால் உங்கள் போனுக்கு இரண்டு வழியும் கிடைக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். கார் பட்டியலில் அவருடைய போனைத் தொட்டு Disconnect கொடுங்கள், Delete வேண்டாம். பிறகு உங்கள் போனைத் தொட்டு அழைப்புக்கும் பாட்டுக்கும் சேருங்கள். ஸ்டீரியோ செட்டிங்கில் Priority அல்லது Auto connect என்று ஏதாவது இருந்தால் உங்கள் போனை முதலாவதாக வையுங்கள். அப்புறம் போனில் Contacts and call history ஆன் செய்யுங்கள். ஆன் செய்ததும் பெயர் வந்துவிடாது. சேரும் நேரத்தில்தான் கார் பெயர்களைக் கேட்கும், அதனால் ஒரு முறை துண்டித்துச் சேருங்கள். சில செட்களில் Phonebook திரையில் Download என்று தனிப் பட்டன் இருக்கும். வண்டி நிற்கும்போதே இதையெல்லாம் செய்துவிடுங்கள்.

கிருத்திகா_கோவை

ஐபோனில் இந்த மூன்று சுவிட்சுகள் எனக்குக் கிடைக்கவில்லையே. எனக்குப் பெயர்கள் எல்லாம் வருகின்றன. ஆனால் காரில் மணி அடிக்கிறது, எடுத்ததும் குரல் போனுக்குப் போய்விடுகிறது. எப்போதும் இல்லை, பாதி நேரம்தான்.

ஜோதி_பெருங்குடி

கிருத்திகா, ஐபோனில் Settings, Bluetooth, கார் பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்டத்துக்குள் i. அங்கே Sync Contacts இருக்கும். பெயர் வருகிறது என்றால் உங்களுக்கு அது ஆனில் இருக்கிறது.

குரல் விஷயத்துக்கு எடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஸ்டீயரிங் பட்டனில் எடுக்கும்போது காரிலும், போன் திரையில் தேய்த்து எடுக்கும்போது போனிலும் வருகிறதா? அப்படியென்றால் Settings, Accessibility, Touch, Call Audio Routing போய்ப் பாருங்கள். அங்கே Speaker என்று இருந்தால் Automatic ஆக்குங்கள். கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் அதில் தொட்டு எடுத்தாலும் குரல் காருக்கு வராது, வாட்ச்சிலேயே பேசும். இயர்பட்ஸ் டப்பா மூடி சரியாக மூடாமல் பையில் இருந்தாலும் குரல் அங்கே போகும், நீங்கள் காரில் அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அழைப்பு நடக்கும்போது போன் திரையில் Audio பட்டனைத் தொட்டால் போன், ஸ்பீக்கர், கார், வாட்ச், இயர்பட்ஸ் என்று போனுக்கு அந்த நேரத்தில் தெரிகிற எல்லா இடமும் வரும். கார் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் இது தேர்வுப் பிரச்சினை. பட்டியலிலேயே இல்லை என்றால் செல்வாவுக்கு வந்த மாதிரி அழைப்பு வழி சேரவில்லை. ஆண்ட்ராய்டிலும் இதே சோதனை பொருந்தும்.

கிருத்திகா_கோவை

பட்டியலில் கார் இருக்கிறது. போன் திரையில் எடுக்கும்போதுதான் நடக்கிறது என்பதும் சரி. Call Audio Routing ஏற்கெனவே Automatic என்றுதான் இருக்கிறது. அதை Bluetooth Headset என்று மாற்றி வைத்துப் பார்க்கிறேன்.

பெர்னாட்_யாழ்

வணக்கம். எங்கட பக்கம் ஜப்பானில் இருந்து வாற பாவிச்ச வாகனங்கள்தான் கூட. என்ர காரில இருக்கிற செட்டும் ஜப்பான் மொழியில்தான். ஒரு மாதிரி மெனுவைக் கண்டுபிடிச்சு போனைச் சேர்த்திட்டன். கோல் எல்லாம் நல்ல தெளிவாக் கேக்குது. பெயர்களும் வருது, ஆனால் ஆங்கிலத்தில் பதிஞ்ச பெயர்கள் மட்டும் வாசிக்கலாம். தமிழில் பதிஞ்சதெல்லாம் சதுரம் சதுரமாத்தான் நிக்குது. அம்மா ஆர், அக்கா ஆர் எண்டு தெரியேல்ல. மெய்யப்பன் அண்ணை, இதுக்கும் சுவிட்ச் ஏதும் இருக்கா?

ஜோதி_பெருங்குடி

பெர்னாட், சதுரம் வருகிறது என்றால் பெயர் சரியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லாததால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சதுரம் வரைகிறது. போனில் தமிழ்ப் பெயருள்ள ஒரு தொடர்பை ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்தேன். அம்மா என்ற பெயர் இப்படி இருந்தது:

```
BEGIN:VCARD
VERSION:2.1
FN;CHARSET=UTF-8;ENCODING=QUOTED-PRINTABLE:=E0=AE=85=E0=AE=AE=E0=AF=8D=E0=AE=AE=E0=AE=BE
```

அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட். எதுவும் தொலையவில்லை. இதைப் படமாக வரைய வேண்டிய எழுத்துருதான் அந்தப் பக்கம் இல்லை. கேள்விக்குறி வந்தால் அல்லது à® மாதிரி விசித்திர எழுத்துகள் வந்தால் அது வேறு, ஸ்டீரியோ பைட்டுகளையே தவறாகப் படிக்கிறது என்று பொருள்.

செல்வா_கோபி

மெய்யப்பன் அண்ணாவுக்கு மிகவும் நன்றி. மனைவியின் போனை Disconnect கொடுத்து என் போனைச் சேர்த்ததும் Phone calls ஆன் ஆகி அப்படியே நின்றது. அப்பாவை அழைக்கச் சொன்னேன், கார் ஸ்பீக்கரில் மணி அடித்தது, குரலும் காரில்தான். பெயர்களும் இறங்க ஆரம்பித்தன.

ஆனால் புதுக் கேள்வி. போனில் 1,400 பெயர்களுக்கு மேல் இருக்கின்றன. கார் திரையில் 1000 என்று நின்றுவிட்டது. பெர்னாட் சொன்ன மாதிரி தமிழ்ப் பெயர்கள் எனக்கும் சதுரமாகத்தான் வருகின்றன.

ஜோதி_பெருங்குடி

ஸ்டீரியோவின் கொள்ளளவு அவ்வளவுதான் செல்வா. செட்டுக்குச் செட் இந்த எண் மாறும். அகரவரிசையில் அனுப்பும்போது ஆங்கில எழுத்துகள் முதலில், தமிழ் அதற்குப் பின்னால்தான் வரும். அதனால் உங்கள் தமிழ்ப் பெயர்கள்தான் வெட்டுப்பட்டிருக்கும்.

செல்வா_கோபி

அப்படித் தெரியவில்லை ஜோதி. பல வருஷத்துக்கு முன் தமிழில் சேமித்த உறவினர் பெயர்கள் சதுரமாக இருந்தாலும் எண்ணோடு வந்திருக்கின்றன. இல்லாதவை எல்லாம் கடந்த ஒன்றிரண்டு வருஷத்தில் சேமித்தவை. ஆங்கிலத்தில் A-யில் தொடங்கும் பெயர்கூட ஒன்று வரவில்லை.

மெய்யப்பன்_ஆடியோ

அப்படியென்றால் உங்கள் போன் சேமித்த வரிசையில் அனுப்புகிறது தம்பி. சில போன்கள் அகரவரிசையில் அனுப்பும், சில சேமித்த வரிசையில். எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒரு எழுத்துக்குப் பிறகு ஒன்றுமே இல்லை என்றால் அகரவரிசை. புதியவை மட்டும் இல்லை என்றால் சேமித்த வரிசை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை என்றால் கொள்ளளவுப் பிரச்சினை இல்லை, அந்தப் பெயர்கள் சிம்மில் சேமித்தவையாக இருக்கலாம். போன் நினைவகத்தில் இருப்பதை மட்டும் வாங்கும் கார்கள் இருக்கின்றன. சிம்மில் இருப்பதை கூகுள் கணக்குக்கு மாற்றினால் வந்துவிடும்.

ஆயிரத்துக்குள் கொண்டுவர ஒரே வழி குறைப்பதுதான். ஒரே ஆளின் பெயர் இரண்டு மூன்று முறை இருப்பது எல்லார் போனிலும் உண்டு. கணினியில் contacts.google.com திறந்து Merge & fix கொடுங்கள். அதன் பிறகு கேஸ் ஏஜென்சி, பழைய வாடகை வீட்டு புரோக்கர், எப்போதோ வந்த பிளம்பர் என்று இருப்பதை நீக்குங்கள். வரவில்லை என்பதற்காகப் புதிய எண்ணைக் காரில் தனியாகச் சேமிக்க வேண்டாம், அடுத்த முறை பெயர்களை இறக்கும்போது சில செட்கள் அதை அழித்துவிடும்.

தமிழ் எழுத்துக்கு நான் சொல்லக்கூடிய சுவிட்ச் எதுவும் இல்லை. பெர்னாட் தம்பிக்கும் அதுதான் பதில். அடிக்கடி அழைக்கும் பத்துப் பதினைந்து பேரின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதி வைக்கச் சொல்வேன், Amma, Akka என்று. ஆண்ட்ராய்டு ஆட்டோவோ ஐபோனின் கார்ப்ளேயோ இருக்கும் செட் என்றால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே திரையை வரைவது போன், அதனிடம் தமிழ் எழுத்துரு இருக்கிறது.

பெர்னாட்_யாழ்

நன்றி அண்ணை. ஆனால் அம்மாவை ஆங்கிலத்தில் எழுதுறது எனக்குப் பிடிக்கேல்ல. போனிலயும் அப்பிடித்தானே தெரியும். செட்டுக்கு மென்பொருள் புதுப்பிப்பு ஏதும் போட்டு எழுத்துருவை ஏத்தேலாதோ?

மெய்யப்பன்_ஆடியோ

உங்கள் வருத்தம் புரிகிறது தம்பி. ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கு வந்த செட்டுக்கு வெளியிலிருந்து எழுத்துரு ஏற்றித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள். பாதியில் நின்றால் ரிவர்ஸ் கேமரா உட்பட எல்லாம் போய்விடும். முறையாகச் செய்தவர் யாராவது இங்கே இருந்தால் எழுதட்டும், நான் பார்த்ததில்லை.

தாமரை_திருச்சி

ஆண்ட்ராய்டு ஆட்டோ பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். தம்பியின் காரில் அது கேபிளில் ஓடுகிறது. புளூடூத்தை அணைத்துவிட்டுக் கேபிள் மட்டும் போட்டால் வரைபடம், பாட்டு எல்லாம் வரும், அழைப்பு மட்டும் போனுக்குப் போகிறது என்கிறான். கேபிள் இருக்கும்போது புளூடூத் எதற்கு?

ஜோதி_பெருங்குடி

ஆண்ட்ராய்டு ஆட்டோவில் கேபிள் போட்டாலும் அழைப்பின் குரல் புளூடூத் வழியாகத்தான் போகும். அதனால் புளூடூத் ஆனில் இருக்க வேண்டும். பேர் செய்யும் பட்டியல் காரில் நிரம்பியிருந்தாலும் இதே மாதிரி நடக்கும், பழைய போன்களை நீக்கி இடம் கொடுங்கள். கார்ப்ளேயில் அப்படி இல்லை, கேபிள் போட்டால் குரலும் கேபிளிலேயே போய்விடும். இரண்டையும் ஒன்று என்று நினைத்து நிறைய பேர் குழம்புகிறார்கள்.

ரமேஷ்_சேலம்

வாட்ஸ்அப் அழைப்பையும் கொஞ்சம் சொல்லுங்கள். சாதாரண அழைப்பு காரில் வருகிறது, வாட்ஸ்அப் மட்டும் சில நேரம் போன் ஸ்பீக்கரில் வருகிறது.

ஜோதி_பெருங்குடி

அது சிம் வழியாக வரும் அழைப்பு இல்லை ரமேஷ், குரலை எங்கே அனுப்புவது என்று அந்தச் செயலியும் சேர்ந்து முடிவெடுக்கிறது. ஐபோனில் வாட்ஸ்அப் அழைப்பையும் சாதாரண அழைப்பு மாதிரியே காருக்குக் காட்டுகிறார்கள், அதனால் பெரும்பாலும் சரியாக வரும். ஆண்ட்ராய்டில் போனையும் செட்டையும் பொறுத்து மாறுகிறது. அழைப்புத் திரையிலேயே ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் புளூடூத் தேர்வு வரும். ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் வேறு நிலையான தீர்வு எனக்குக் கிடைக்கவில்லை.

செல்வா_கோபி

கடைசியாக ஒன்று. காரில் பெயரைத் தொட்டு அழைத்தால் Dialing என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. போனை எடுத்துப் பார்த்தால் எந்த சிம்மில் அழைப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

மெய்யப்பன்_ஆடியோ

அந்தக் கேள்வியைக் காட்ட கார் திரைக்கு வழி இல்லை தம்பி. போன் செட்டிங்கில் சிம் பகுதிக்குப் போய் அழைப்புக்கு Ask every time என்பதை மாற்றி ஒரு சிம்மைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். வண்டி ஓட்டும்போது போனைக் கையில் எடுக்க வேண்டியிருக்காது.

செல்வா_கோபி

மாற்றியாயிற்று, அழைப்பு நேராகப் போகிறது. Merge & fix செய்த பிறகும் 1,100-க்கு மேல் இருக்கின்றன, மீதியை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குறைக்க வேண்டும். Priority என்ற செட்டிங் இந்த ஸ்டீரியோவில் இல்லை. மனைவியின் போனில் இந்தக் காருக்கான Phone calls சுவிட்சை அணைத்து வைத்திருக்கிறேன், அவர் வண்டி எடுக்கும் நாளில் மட்டும் ஆன் செய்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இதைவிட நல்ல வழி யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.